பயிலரங்கு நடத்துவது எப்படி: ஞாயிற்றுக்கிழமையில் இருந்து பின்னோக்கி எண்ணுதல்

கல்வெட்டுப் பயிலரங்கு ஒன்றை முதல் தடவை நடத்தியபோது அறுபது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தோம். வந்தது நாற்பத்தொரு பேர். மிச்சமான சாம்பாரை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஞாயிறு மதியம் நாலு பேருக்குப் போன் போட்டுக்கொண்டு நின்றேன். அதே நாளில், கையேடு கைக்கு வந்தது காலை ஒன்பதரைக்கு. அச்சு மை வாசனை கூடப் போகவில்லை, இரண்டு கல்வெட்டு வாசகங்களில் பிழை வேறு.

அன்றைக்குச் சோம்பலாக யாரும் இருக்கவில்லை. எல்லா வேலையும் செய்தோம், ஆனால் முன்னோக்கிச் செய்தோம். முதலில் அறிவிப்பு, அப்புறம் பதிவு, அப்புறம் அச்சகம், கடைசியில் சமையல்காரர் என்று. ஒவ்வொரு வேலையும் "முடிஞ்சதும் அடுத்தது" என்று போனது. அடுத்த முறை தலைகீழாகத் திட்டம் போட்டோம். அதை எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்பதால் இந்தக் குறிப்பு.

எங்கள் கணக்கு இது. 2025 பிப்ரவரி 2, ஞாயிறு. காலையில் மதுரையிலிருந்து வேனில் மீனாட்சிபுரம் போய், குன்றில் ஏறி மாங்குளம் தமிழிக் கல்வெட்டுகளை நேரில் பார்ப்பது. மதியம் திரும்பி வந்து சாப்பாடு, பிறகு அரங்கில் வாசிப்புப் பயிற்சி. 21 சீட் வேன் இரண்டு, ஆக 42 இருக்கை. அதில் பாடம் நடத்துபவர்கள் இரண்டு பேர், ஏற்பாட்டாளர்கள் இரண்டு பேர். மீதி 38 இடம்தான் பதிவுக்கு.

முதல் கேள்வி: எது வரைக்கும் மாத்தலாம்?

வழக்கமாக நாம் ஒவ்வொருவரிடமும் "எப்ப சொல்லணும்?" என்று கேட்போம். அவர்களும் "ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க சார்" என்பார்கள். அந்தப் பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது. "நான் சொன்ன எண்ணிக்கையை எந்த நாள், எத்தனை மணி வரைக்கும் மாத்தலாம்? அதுக்கப்புறம் ஏன் முடியாது?" என்று கேட்டால்தான் உண்மையான தேதி வெளியே வரும்.

சமையல்காரர் சொன்னார்: மளிகை வெள்ளிக்கிழமை வாங்குவேன், காய்கறி சனிக்கிழமை விடியக்காலை சந்தையில். அதனால வியாழன் ராத்திரிக்குள்ள எண்ணிக்கை வந்துடணும், அதுக்கு மேல அஞ்சு பேர் கூடினா சமாளிப்பேன், குறைஞ்சா காசு குறையாது. வேன்காரர் சொன்னார்: ஒரு வண்டி வேண்டாம்னா ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க, இல்லேன்னா முன்பணம் திரும்ப வராது. அச்சகத்தில் சொன்னார்கள்: கோப்பு கைக்கு வந்து ஏழு வேலை நாள்.

இங்கே கவனிக்க வேண்டியது, மூன்று பேருக்கும் வேண்டியது ஒரே எண்ணிக்கை இல்லை. வேன்காரருக்கு 21க்கு மேலா கீழா என்பது மட்டும் போதும். 30 ஆனாலும் 37 ஆனாலும் அவருக்கு இரண்டு வண்டிதான். அச்சகத்துக்கு எண்ணிக்கையே தேவையில்லை. எப்படியும் ஐம்பது பிரதிதான் போடப்போகிறோம், அங்கே தேதியைத் தீர்மானிப்பது உள்ளடக்கம். சமையல்காரர் ஒருவருக்குத்தான் சரியான எண் வேண்டும். அவருக்குச் சொல்ல வேண்டிய கடைசி நேரம் ஜனவரி 30, வியாழன் இரவு. ஒரு நாள் இடைவெளி விட்டு, 29 புதன் மாலையோடு கணக்கை மூடினோம். "இறுதி எண்ணிக்கை" என்ற தேதி இப்படித்தான் பிறக்கிறது. நாமாக ஒரு தேதியைத் தோராயமாக வைப்பதில்லை.

நினைவூட்டல் யாருக்காக?

போன தடவை நினைவூட்டலை வெள்ளிக்கிழமை அனுப்பினோம். அதைப் பார்த்த பிறகுதான் பலர் "ஸாரி, வர முடியல" என்று பதில் போட்டார்கள். அதற்குள் மளிகை வாங்கியாகிவிட்டது. தப்பு அவர்கள் மேல் இல்லை. நாம் கேட்டதே அப்போதுதான்.

நினைவூட்டல் என்பது வருகிறவர்களை வரவைப்பதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் முக்கிய வேலை, வராதவர்களை முன்னாலேயே சொல்ல வைப்பது. அப்படியானால் அது இறுதி எண்ணிக்கைக்கு முன்னால் வர வேண்டும். வெறுமனே முன்னால் என்றால் போதாது. காலியாகும் இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குக் கொடுத்து, அவர் பணம் கட்டி உறுதி செய்யவும் நாள் வேண்டும்.

ஆக, 29ஆம் தேதியிலிருந்து பின்னால் நடந்தோம். காத்திருப்போர் பணம் கட்டக் கடைசி நாள் 27, திங்கள். வேன் முடிவு 25, சனி. ஒரு வாரக் கெடு ஞாயிற்றுக்கிழமை முடிகிறது, அதுவும் குடியரசு தினம், அதனால் ஒரு நாள் முன்னால். பதில் போடாதவர்களுக்கு நேரடியாகப் போன் செய்ய 24, வெள்ளி. "வருகிறீர்களா, ஆம் அல்லது இல்லை" என்று பதில் போடக் கடைசி நாள் 23, வியாழன். கட்டணம் முந்நூறு ரூபாயைத் திரும்பப் பெறக் கடைசி நாளும் அதே 23. இது ரொம்ப உதவியது. பணம் திரும்ப வரும் என்றால் ஜனங்கள் தாங்களாகவே வந்து "வரல" என்று சொல்கிறார்கள். நினைவூட்டல் போக வேண்டியது 20, திங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து வாட்ஸப்பை நிதானமாகப் பார்க்கும் நாள் அது.

எண்ணிக்கையை மூடிய பிறகு அனுப்பும் செய்தி வேறு வகை. அதில் கேள்வியே இருக்கக்கூடாது. வேன் கிளம்பும் இடம், காலை ஆறரை, ஓட்டுநர் எண், தண்ணீர் பாட்டில், பிடிமானமுள்ள செருப்பு. அவ்வளவுதான். அது பிப்ரவரி 1, சனி மாலை.

பொங்கல் விழுங்கிய நாட்கள்

பின்னோக்கி எண்ணும்போது பெரிதாகச் சறுக்குவது இங்கேதான். கையேடு ஜனவரி 30 அன்று கையில் வேண்டும். அச்சகத்துக்கு ஏழு வேலை நாள், ஞாயிறு மட்டும் விடுமுறை. அப்படியானால் கோப்பு 22, புதன் போக வேண்டும். அதற்கு முன்னால் கல்வெட்டு வாசகங்களை இரண்டு ஆசிரியர்களும் பார்த்துத் திருத்த ஆறு நாள், திருத்தத்தைப் பக்கத்தில் ஏற்ற இரண்டு நாள், ஆக எட்டு.

நாட்காட்டியில் சும்மா எட்டு நாள் கழித்தால் ஜனவரி 14 வருகிறது. பொங்கல் அன்று காலையில் "ஐயா, மெய்ப்பு அனுப்பியிருக்கேன்" என்று செய்தி போயிருக்கும். 14 முதல் 17 வரை விடுமுறை. ஞாயிறுகளையும் கழித்து எண்ணினால் மெய்ப்பு போக வேண்டிய நாள் ஜனவரி 8. ஆறு நாள் வித்தியாசம். முதல் தடவை பிழையோடு அச்சானதற்குக் காரணம் இதே மாதிரி ஒரு விடுமுறை வாரம்தான்.

விரிதாளில் இதை எண்ணுவது சுலபம். `B2` கட்டத்தில் 22 ஜனவரி, `H1` முதல் `H4` வரை விடுமுறை நாட்கள்:

```
=WORKDAY.INTL(B2,-8,11,H1:H4)
```

இதில் 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை. சனிக்கிழமையும் மூடியிருக்கும் அலுவலகம் என்றால் அங்கே 1 போட வேண்டும். விகிதம் எல்லாருக்கும் ஒன்றில்லை. சமையல்காரருக்கு ஞாயிறுதான் வேலை நாள்.

பதிவு எப்போது திறப்பது?

நினைவூட்டல் 20ஆம் தேதி என்றால், பதிவைப் பொங்கலுக்கு முன்பே, ஜனவரி 10 வெள்ளியோடு மூடிவிடலாம். அதற்குப் பிறகு வருபவர்கள் காத்திருப்போர் பட்டியலுக்கு. திறப்பு? எங்கள் அனுபவத்தில் பதிவுகள் முதல் சில நாளிலும் கடைசி சில நாளிலும்தான் குவிகின்றன, நடுவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் நீட்டுவதில் பயனில்லை. நாலு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, டிசம்பர் 16 திங்களன்று திறந்தோம்.

ஆனால் தேதியை மட்டும் டிசம்பர் 4 அன்றே அறிவித்துவிட்டோம். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால் திறக்கிறது. சென்னையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிறவர்கள் ஞாயிறு இரவு திரும்புவதற்கான டிக்கெட்டை அன்றுதான் போட முடியும்.

பதிவுப் படிவத்தில் கட்டணத்தைப் போட வேண்டும். கட்டணம் தெரிய வேன், சாப்பாடு, அரங்க வாடகை தெரிய வேண்டும். தை பிறந்தால் கல்யாணங்கள். வளர்பிறை ஞாயிற்றுக்கிழமையில் வேனும் சமையல்காரரும் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆக, அவர்களிடம் பேசி முன்பணம் கொடுக்க வேண்டியது நவம்பர் கடைசி வாரம். பதிவு திறந்து ஆள் சேர்ந்த பிறகு வேன் தேடினால், ஆள் இருக்கும், வண்டி இருக்காது.

நடந்தது என்ன?

ஜனவரி 23 இரவு 38 பேரில் 29 பேர் "ஆம்", 4 பேர் "இல்லை", 5 பேர் மௌனம். மறுநாள் போன் செய்ததில் அந்த ஐந்தில் மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். காலியான ஆறு இடத்துக்குக் காத்திருப்போரை அழைத்தோம். வெள்ளி மதியம் அனுப்பிய செய்தியை யாரும் பார்க்கவில்லை. மாலையில் குரலில் பேசியதும் ஐந்து பேர் பணம் கட்டினார்கள். இறுதி எண் 37.

சாப்பாட்டுக்குச் சொன்னது 44. நாங்கள் நாலு பேர், வேன் ஓட்டுநர் இரண்டு பேர், அரங்கக் காவலர் ஒருவர். இந்த மூன்று பேரை முதல் தடவை மறந்துபோய், கடைசிப் பந்தியில் கூச்சத்தோடு நின்றோம். ஞாயிறு காலை வேனில் ஏறியவர்கள் 35 பேர். இரண்டு இலைதான் மிச்சம்.

இந்த முறையால் மழையையோ திடீர்க் காய்ச்சலையோ தடுக்க முடியாது. அந்த இரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தை இது ஆரம்பத்திலேயே சொல்லிவிடும். பின்னோக்கி எண்ணிக்கொண்டே போகும்போது முதல் வேலையின் தேதி ஏற்கெனவே கடந்து போயிருந்தால், அந்தத் திட்டம் நடக்காது. கையேட்டை விட வேண்டும், அல்லது மலையை விட வேண்டும், அல்லது நிகழ்ச்சியின் தேதியையே தள்ள வேண்டும். முதல் தடவை நாங்கள் கூடிப் பேச ஆரம்பித்த அன்றைக்கே மூன்று வாரம் பிந்தியிருந்தோம். பின்னால் இருந்து எண்ணிப் பார்த்திருந்தால் அந்தச் சாயங்காலமே தெரிந்திருக்கும்.