மஞ்சள் தடவிய ரொட்டிக்கு என்ன எழுதுவது?

வானொலி அறிவிப்பாளர் என்றால் எதையும் பேசிச் சமாளித்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் தமிழ்ப்பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்கு முதன்முதலாக என்னை நடுவராக அழைத்தார்கள். நானும் சமாளித்தேன். 14 மேசைகள், 14 புள்ளித்தாள்கள். எல்லாவற்றின் அடியிலும் ‘முயற்சி நன்று. மேலும் மேம்படுத்தவும்’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நிகழ்ச்சி முடிந்து காருக்குப் போகும் வழியில் ஒரு தந்தை அந்தத் தாளை நீட்டி, “எதை மேம்படுத்தணும்னு சொன்னா வீட்ல செஞ்சு பார்ப்போம்மா” என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அவர் மகன் என்ன செய்திருந்தான் என்பதே எனக்கு நினைவில் இல்லை.

மறு ஆண்டு அழைப்பு வந்தபோது, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து மதிப்பிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அன்று எங்களுக்குக் கிடைத்த மூன்றாவது மேசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஐந்தாம் ஆண்டு மாணவிகள் இருவர். மஞ்சள், ரொட்டியில் பூஞ்சணம் வளர்வதைத் தடுக்கும் என்பது அவர்களின் கருதுகோள். ஒரு ரொட்டித் துண்டில் மஞ்சள் கரைத்த நீரைத் தடவியிருக்கிறார்கள், இன்னொன்றை அப்படியே விட்டிருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனி நெகிழிப் பைகளில் போட்டு மூடி, ஒரே அலமாரியில் வைத்து, தினமும் பார்த்திருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் வரைந்த ஒளிபுகும் தாளைப் பையின்மேல் வைத்து, எத்தனை கட்டங்களில் பூஞ்சணம் தெரிகிறது என்று எண்ணியிருக்கிறார்கள். ஆறாம் நாள் மஞ்சள் ரொட்டியில் 21 கட்டங்கள். மஞ்சள் இல்லாததில் வெறும் 2.

“கருதுகோள் தப்பாப் போச்சு டீச்சர்” என்றாள் ஒருத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. மற்றவள் மெல்லச் சொன்னாள்: “நேத்து வரைக்கும் எண்ணை மாத்தி எழுதிடலாமான்னு நெனச்சோம்.”

நான் உடனே “பரவாயில்லைம்மா, கெட்டிக்காரப் பிள்ளைங்க நீங்க” என்று சொல்ல வாயெடுத்தேன். ஆசிரியர் முந்திக்கொண்டார். “மஞ்சள் இல்லாத ரொட்டியில தண்ணி தடவுனீங்களா?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சில விநாடிகள் சத்தமே இல்லை. வானொலியில் அவ்வளவு நேரம் அமைதி என்றால் எனக்கு வியர்த்துவிடும். பிறகு தலைகுனிந்து நின்றவள் நிமிர்ந்தாள். “அது காய்ஞ்ச ரொட்டி டீச்சர்! இது ஈரம்!”

பூஞ்சணம் வளர ஈரம் வேண்டும். மஞ்சளைச் சேர்த்ததாக நினைத்து, அவர்கள் மஞ்சளையும் நீரையும் சேர்த்துவிட்டார்கள். பாடநூல் சொல்லும் தற்சார்பு மாறி ஒன்றுதான் இருக்க வேண்டும். இங்கே தெரியாமல் இரண்டாகிவிட்டது. ஆகவே ‘மஞ்சள் பயன்படாது’ என்றும் இந்த ஆய்வு காட்டவில்லை, ‘பயன்படும்’ என்றும் காட்டவில்லை. அதை நடுவர் சொல்லாமல் அவளே கண்டுபிடித்ததுதான் அந்தக் கேள்வியின் பலன்.

மேசையிலிருந்து நகர்ந்ததும், “அந்தக் கெட்டிக்காரப் பட்டம் மட்டும் வேணாம்மா” என்று சொல்லிச் சிரித்தார் ஆசிரியர். அவர் சொன்ன ஆய்வைப் பின்னர் தேடிப் படித்தேன். 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, ஒரு பகுதியினரை ‘நீ புத்திசாலி’ என்றும் இன்னொரு பகுதியினரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து மிகக் கடினமான புதிர்கள். எல்லாருக்கும் புள்ளி குறைந்தது. பிறகு, வேறு பள்ளிப் பிள்ளை ஒருவருக்குத் தங்கள் புள்ளியை எழுதச் சொன்னபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் புள்ளியைக் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. எண்ணை மாற்றலாமா என்று முதல் நாள்வரை தவித்த பிள்ளைகளிடம் நான் கொடுக்கவிருந்த பட்டத்தை நினைத்துப் பார்த்தேன்.

அவர்களின் தாளில் நாங்கள் எழுதியது இது:

‘கருதுகோளுக்கு எதிராக வந்த எண்ணையும் மாற்றாமல் பதிவு செய்திருக்கிறீர்கள். பையைத் திறக்காமல் கட்டத்தாள் வைத்து அளந்தது பாதுகாப்பான, நல்ல முறை. மஞ்சள் ரொட்டியில் மட்டும் நீர் இருந்ததால், பூஞ்சணம் வளர மஞ்சள் காரணமா, ஈரம் காரணமா என்று இன்னும் சொல்ல முடியாது. மூன்று வகை வைத்துப் பாருங்கள்: எதுவும் தடவாதது, ஒரு தேக்கரண்டி நீர் மட்டும் தடவியது, அதே அளவு மஞ்சள் நீர் தடவியது. ஒவ்வொன்றிலும் மூன்று துண்டுகள்.’

இதில் ‘ஆனால்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் எழுதிய முதல் வரைவில் இருந்தது. ஆசிரியர் அடித்துவிட்டார். நேயர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். ‘நிகழ்ச்சி அருமை, ஆனால்...’ என்று குறுஞ்செய்தி வந்தால் ‘ஆனால்’-க்குப் பிறகு வருவதுதான் எனக்கே நினைவில் நிற்கும். மூன்று துண்டுகள் ஏன் என்றால், ஒரே துண்டில் ஏற்கெனவே பூஞ்சண வித்துகள் அதிகம் விழுந்திருக்கலாம். மூன்றிலும் அதே போக்கு தெரிந்தால் நம்பிக்கை கூடும்.

எல்லா மேசையும் இவ்வளவு எளிதில்லை. அடுத்த வரிசையில் சிரிஞ்சும் குழாயும் வண்ண நீரும் கொண்டு இயங்கும் பளபளப்பான அட்டைத் தூக்கி. அருகில் நின்ற பையன் ஒரே மூச்சில் ஒப்பித்தான். ‘எது முதலில் சரியாக வரவில்லை?’ என்று கேட்டதும் நின்றுவிட்டான். தானே செய்தவர்களிடம் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு நீண்ட கதையே இருக்கும். பெரியவர் கைவேலை என்று எனக்குத் தோன்றியது. தாளில் அப்படி எழுதினால் தண்டனை பிள்ளைக்கு. எழுதாமல் முழுப் புள்ளி கொடுத்தால் ரொட்டி மேசைப் பிள்ளைகளுக்கு அநீதி.

ஆசிரியர் குழாயைக் கழற்றி நீரை வெளியேற்றச் சொன்னார். இப்போது உள்ளே காற்று மட்டும். பையன் அழுத்தினான். தூக்கி தாமதமாக, துள்ளலோடு நகர்ந்தது. “சார், காத்து அமுங்குது!” அன்று அவன் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. விளக்கத்துக்கான புள்ளியை அவன் விளக்கிய அளவுக்கே கொடுத்தோம். குறிப்புரையில், நீரிலும் காற்றிலும் ஒரே அளவு அழுத்தும்போது தூக்கி எத்தனை சென்டிமீட்டர் உயர்கிறது என்று அளந்து அட்டவணையிடும்படி எழுதினோம். அந்த அட்டவணை அவனுடையதாக இருக்கும்.

ஒரு மேசைக்கு ஏழு நிமிடந்தான் என்பதால் சில தாள்களில் இப்படி எழுத முடியவில்லை. கடைசி இரண்டு மேசைகளில் நான் மீண்டும் பழைய ‘முயற்சி நன்று’க்கே போய்விட்டேன். அப்போது மணி ஒன்றரை, பசி வேறு.

ரொட்டி மேசைக்குப் பரிசு கிடைக்கவில்லை. முதல் மூன்று இடத்தில் இருந்தவர்கள் அவர்களைவிடக் கவனமாகச் செய்திருந்தார்கள், அதில் எங்களுக்கு ஐயமில்லை. மண்டபத்தை விட்டு வெளியேறும்போது அந்தப் பெண்களில் ஒருத்தி தாளைக் கையில் வைத்துக்கொண்டு தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ரொட்டி வாங்கணும்மா. ஒன்பது துண்டு. சாப்பிட இல்ல.”