காலை ஆறு மணிக்கு ஓடச் சொன்னேன், ஏன் ஓடவில்லை?

உங்கள் பக்கத்தில் இருக்கும் விலைப் பட்டியல் தினமும் காலை ஆறு மணிக்குள் தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். இதற்குக் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போதும். நீங்கள் குறித்த நேரத்தில் அது ஒரு ரன்னரை (வேலை முடிந்ததும் அழிக்கப்படும் தற்காலிகக் கணினி) எடுத்து உங்கள் நிரலை ஓட்டும்.

நேரத்தை எப்படிச் சொல்வது? `.github/workflows` அடைவில் உள்ள கோப்பில் இப்படி:

```yaml
on:
  schedule:
    - cron: '17 0 * * *'
  workflow_dispatch:
```

முதல் எண் நிமிடம், அடுத்தது மணி. அப்படியானால் இது நள்ளிரவு 12.17-ஆ? ஆம், ஆனால் உலகப் பொது நேரப்படி. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நமக்கு அது காலை 5.47. கிழமை குறிக்கும்போதும் கவனம் வேண்டும். நமக்குத் திங்கள் காலை ஐந்து மணி என்றால், அங்கே இன்னும் ஞாயிறு இரவு 11.30.

17 என்ற விநோத எண் எதற்கு? மணி தொடங்கும் நிமிடத்தில் எல்லோருடைய வேலைகளும் வரிசையில் நிற்கும். அப்போது உங்கள் வேலை தாமதமாகலாம், சில சமயம் ஓடாமலே போகலாம். தள்ளி வைத்தால் நெரிசல் குறையும். ஆனாலும் நிமிடம் பிசகாது என்று நம்ப வேண்டாம்.

எழுதிய கோப்பைச் சோதிக்க விடியும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். கடைசி வரியில் உள்ள `workflow_dispatch` இருந்தால், Actions பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தியே ஓட்டிப் பார்க்கலாம். கோப்பு முதன்மைக் கிளையில் இருப்பது முக்கியம். வேறு கிளையில் இருந்தால் நேர அட்டவணை வேலை செய்யாது.

எவ்வளவு நேரம் ஓடலாம்? ஒரு வேலைக்கு 6 மணி நேரம். அதைத் தாண்டினால் நிறுத்திவிடுவார்கள். விலைகளைத் தரும் தளம் பதில் அளிக்காமல் நிரல் தொங்கிக் கிடந்தாலும் அந்த ஆறு மணி நேரமும் ஓடும். இரண்டு நிமிட வேலைக்கு `timeout-minutes: 10` என்று எழுதிவிடுங்கள்.

இது முழுக்க இலவசமா? பொதுக் களஞ்சியத்துக்கு (எல்லோரும் பார்க்கக்கூடிய கோப்புத் தொகுப்பு) இலவசம். தனிப்பட்டதாக இருந்தால் இலவசக் கணக்கில் மாதம் 2,000 நிமிடங்கள்தான். இருபது வினாடி ஓடினாலும் ஒரு நிமிடமாகவே கணக்கிடுவார்கள். கால் மணிக்கு ஒரு முறை ஓட்டினால் நாளுக்கு 96, முப்பது நாளுக்கு 2,880 நிமிடம். மாதம் முடியுமுன் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். மணிக்கு ஒரு முறை என்றால் 720 போதும்.

பல மாதம் ஓடியது திடீரென நின்றால்? பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் நேர அட்டவணையைக் கிட்ஹப் முடக்கிவிடும். Actions பக்கத்தில் Enable workflow அழுத்தினால் மீண்டும் ஓடும்.

தோல்வியடைந்த வேலைக்கு மின்னஞ்சல் வரும். தொடங்காமலே போன வேலைக்கு எதுவும் வராது. ஆகவே நிரல் ஓடி முடித்த நேரத்தைப் பட்டியலின் மேலேயே அச்சிடச் செய்யுங்கள். நேற்றைய தேதி தெரிந்தால், இன்று ஓடவில்லை என்று உடனே புரியும்.