புதிய எமோஜி பெறுநர்களின் கைபேசியில் தெரியுமா எனச் சோதித்தல்

எமோஜி என்பது படமாக அனுப்பப்படுவதில்லை. அதற்குரிய ஒருங்குறி எண் மட்டுமே செல்கிறது; படத்தை வரைவது பெறுநரின் கைபேசியில் உள்ள எழுத்துரு ஆகும். எனவே புதிதாக வெளியான எமோஜி அனுப்புநரின் திரையில் சரியாகத் தெரிவதைக் கொண்டு, மற்றவர்களுக்கும் அப்படியே தெரியும் என்று கொள்ள முடியாது.

பழைய கைபேசியில் பிழை இரு விதமாகத் தோன்றும். தனி எண் பெற்ற எமோஜி வெற்றுக் கட்டமாகத் தெரியும். இதனால் பெரிய தீங்கில்லை, ஏதோ விடுபட்டது என்று பெறுநருக்குப் புரிந்துவிடும். பழைய எமோஜிகளை இணைத்து உருவாக்கப்பட்டது எனில், அது உறுப்புகளாகப் பிரிந்து தெரியும். இதுவே ஆபத்தானது.

2023 செப்டம்பரில் வெளியான எமோஜி 15.1 பதிப்பில் உள்ள, 'இல்லை' என்று தலையை இடவலமாக ஆட்டும் முகம் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் அமைப்பு:

```
U+1F642 U+200D U+2194 U+FE0F
```

முதலாவது சிரித்த முகம். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி. மூன்றாவது இருபக்க அம்பு. கடைசியானது அம்பை எமோஜி வடிவில் காட்டச் சொல்வது. குடியிருப்போர் சங்கச் செயலர் ஒருவர் "நாளை தண்ணீர் லாரி" என்று எழுதி இந்த முகத்தைச் சேர்த்து 200 பேருக்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். பழைய கைபேசி வைத்திருப்பவர் காண்பது சிரித்த முகமும் ஓர் அம்பும். லாரி வரும் என்றே அவர் எண்ணுவார்.

ஐபோன்களில் இந்த எமோஜி 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல் தெரிகிறது. ஐபோன் 8, ஐபோன் 10 ஆகியவற்றுக்கு ஐஓஎஸ் 17 கிடைக்காது. எவ்வளவு காத்திருந்தாலும் அவற்றில் தெரியாது. ஆண்ட்ராய்டில் வாட்சப் தன் சொந்தப் படங்களைப் பயன்படுத்துவதால், அங்கே செயலியின் பதிப்பைப் பார்க்க வேண்டும். குறுஞ்செய்தி எனில் பெரும்பாலும் கைபேசியின் எழுத்துருவைப் பொறுத்தது. ஆகவே ஒரே கைபேசியில் வாட்சப்பில் தெரிவது குறுஞ்செய்தியில் தெரியாமல் போகலாம். எந்த எமோஜி எந்தப் பதிப்பு முதல் தெரியும் என்பதை எமோஜிபீடியா தளத்தில் காணலாம்.

பெறுநரின் கைபேசியைத் தொலைவிலிருந்து கேட்டறியும் வசதி அனுப்புநருக்கு இல்லை. எனவே குழுவில் மிகப் பழைய ஆண்ட்ராய்டும் மிகப் பழைய ஐபோனும் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேருக்கு, உண்மையில் பயன்படுத்தப்போகும் அதே வழியில் முதலில் அனுப்பிப் பார்க்க வேண்டும். "தெரிகிறதா?" என்று கேட்பது பயன்படாது, சிரித்த முகத்தைக் கண்டவரும் "தெரிகிறது" என்றுதான் சொல்வார். திரைப்பிடிப்பை அனுப்பச் சொல்வதே சரி. பெறுநர் அந்த எமோஜியை நகலெடுத்துத் திருப்பி அனுப்புவதும் சான்றாகாது. அவருக்குப் பிரிந்து தெரிந்தாலும் எண்கள் மாறாமல் வருவதால், அனுப்புநரின் திரையில் அது முழு முகமாகவே தோன்றும்.

திரைப்பிடிப்பு ஒன்றிலேனும் முகமும் அம்பும் தனித்தனியாக வந்தால், "நாளை தண்ணீர் லாரி வராது" என்று எழுத்திலேயே அனுப்பிவிடலாம்.