ஜின்கோ இலையைத் தூக்கிப் பிடித்த பாட்டி

அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊர். காலையில் அங்குள்ள பூங்காவுக்கு ஒரு சீனக் கிழவர் வருகிறார். ஈரானியப் பாட்டி ஒருவரும் வருகிறார். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் நேரம் போவதே தெரிவதில்லை. அவருக்குப் பாரசீகம் தெரியாது, பாட்டிக்குச் சீனம் தெரியாது. இருவரிடமும் இருப்பது உடைந்த ஆங்கிலம் கொஞ்சம். அது தீர்ந்ததும் அவரவர் தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆனாலும் பேச்சு நிற்பதில்லை.

யியுன் லி எழுதிய ‘ஆயிரம் ஆண்டு நல்ல பிரார்த்தனைகள்’ என்ற சிறுகதை இந்த இரண்டு பேரைப் பற்றியது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்தக் கதையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 2005-இல் அவருடைய முதல் தொகுப்பு வந்தது. அயர்லாந்தில் அந்த ஆண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட ஃபிராங்க் ஓ’கானர் சர்வதேசச் சிறுகதை விருது அதற்குத்தான் கிடைத்தது. 2007-இல் வெய்ன் வாங் இந்தக் கதையைப் படமாக்கினார். திரைக்கதையை லியே எழுதினார். சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கச் சிப்பி அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

மொழி தெரியாத இரண்டு முதியவர்கள் நெருக்கமாவதைக் கதையாக எழுதுவது எளிது என்று தோன்றும். எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். சிறுகதை உரையாடலில் நடக்கும் கலை. உரையாடவே முடியாத இருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லி இதை எப்படிச் சமாளித்தார் என்று பார்த்தால், கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் கதையைச் சொல்லிவிடலாம். கிழவரின் பெயர் ஷி. பெய்ஜிங்கிலிருந்து வந்தவர். மகளுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. அவளைத் தேற்றி எழுப்ப வேண்டும் என்று கடல் கடந்து வந்திருக்கிறார். சீனாவில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், ராக்கெட் விஞ்ஞானி என்கிறார். அந்த ஆங்கிலச் சொல்லே அவருக்கு வழியில் கிடைத்ததுதான். டெட்ராய்ட்டில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தபோது, ஒரு பெண்ணிடம் தன் தொழிலைச் சொல்லப் பார்க்கிறார். சொல் வராததால் படம் வரைந்து காட்டுகிறார். அவள்தான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறாள்.

மகள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து வருபவளுக்கு அப்பா வகைவகையாகச் சமைத்து வைக்கிறார். அவள் கொஞ்சம் கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். என்ன நடந்தது, ஏன் பிரிந்தீர்கள் என்று அவர் துருவத் துருவ, அவள் இன்னும் இறுகிப்போகிறாள். இருவரும் பேசுவது ஒரே சீன மொழிதான். ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகப் புரிகிறது. அதனாலேயே ஒவ்வொரு சொல்லும் குத்துகிறது. பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் அமெரிக்கா போய் வந்த தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இந்தச் சாப்பாட்டு மேசை பழகிய இடமாகவே இருக்கும்.

இந்த வீட்டிலிருந்து தப்பித்துத்தான் ஷி பூங்காவுக்கு வருகிறார். பாட்டியின் பெயர் அவருக்குத் தெரியாது. ‘மேடம்’ என்று கூப்பிடுகிறார். அவரும் பிள்ளைகளோடு அமெரிக்காவில் இருக்க வந்தவர்தான். அமெரிக்கா நல்ல நாடு, மகன்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள் என்ற அளவுக்கு அவருடைய ஆங்கிலம் போதும்.

இங்கேதான் லியின் கைத்திறன். கதையில் மூன்று மொழிகள் ஓடுகின்றன. தாளில் இருப்பதோ ஆங்கிலம் மட்டும். அந்த ஒரே ஆங்கிலத்தை அவர் மூன்று விதமாகக் கையாள்கிறார். ஷி சீனத்தில் பேசும்போது, அது தங்கு தடையில்லாத நல்ல ஆங்கிலமாக நமக்குக் கேட்கிறது. அவர் ஆங்கிலத்தில் பேசும்போது வாக்கியம் நொண்டுகிறது. பாட்டியின் பாரசீகமோ தாளுக்கு வருவதே இல்லை. அவர் பேசினார், நிறுத்தினார் என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது. ஷிக்கு எது புரியாதோ அது வாசகருக்கும் புரிய வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்.

இதனால் ஒரு நன்மை உண்டு. உடைந்த ஆங்கிலத்தில் குழந்தைபோலத் தெரியும் மனிதர், தன் மொழிக்குத் திரும்பியதும் ஆழமானவராகிவிடுகிறார். தெருவில் அவரைப் பார்க்கும் அமெரிக்கர் யாருக்கும் கிடைக்காத அந்த மனிதர் வாசகருக்குக் கிடைக்கிறார். பாட்டியும் தன் பாரசீகத்தில் அப்படித்தான் இருப்பார் என்று ஊகிக்க நமக்கு இடம் கிடைக்கிறது.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்க்கலாம். பாட்டி பேசி முடிக்கிறார். ஷி ஒரு சீனப் பழமொழியைச் சொல்கிறார். ஒரே படகில் ஒருவரோடு ஆற்றைக் கடக்கும் வாய்ப்புக்கே முந்நூறு ஆண்டு பிரார்த்தனை செய்திருக்க வேண்டும் என்று அதற்கு அவர் பொருள் கொள்கிறார். ஆங்கிலத்தில் விளக்கலாமா என்று ஒரு கணம் யோசிக்கிறார். எந்த மொழியில் சொன்னால்தான் என்ன, இவருக்குப் புரியும் என்று விட்டுவிடுகிறார். நாம் இருவரும் சந்தித்துப் பேசக் கிடைத்ததற்கு நெடுங்காலப் பிரார்த்தனை காரணமாக இருக்க வேண்டும் என்பதையும் சீனத்திலேயே சொல்கிறார். பாட்டி புன்னகையோடு ஏற்றுக்கொள்கிறார். தலையணையில் தலை சேர்த்துப் படுக்கும் துணைக்கு மூவாயிரம் ஆண்டு. அப்பாவுக்கும் மகளுக்கும் ஆயிரம் ஆண்டு இருக்கலாம் என்று அவர் கணக்கைத் தொடர்கிறார். கதையின் தலைப்பு அங்கிருந்து வருகிறது. மகளிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை, அதன் ஒரு சொல்கூடப் புரியாத பெண்ணிடம் சொல்கிறார் அந்த அப்பா. அந்த இடத்தில் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

சொல் புரியாதபோது எது போய்ச் சேருகிறது? குரலின் ஏற்ற இறக்கம், முகம், ‘நீ பேசு, நான் இருக்கிறேன்’ என்ற பொறுமை. பதில் சொல்லவோ புத்தி சொல்லவோ எதிரே இருப்பவரால் முடியாது. குற்றம் கண்டுபிடிக்கவும் முடியாது. உண்மையைச் சொல்லப் பயப்படும் ஒருவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

ஷிக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அவர் ராக்கெட் விஞ்ஞானியாக இருந்தது சில காலம்தான். அலுவலகத்தில் கணினிக்கு அட்டையில் துளையிடும் வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணோடு அவர் தினமும் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அது வெறும் பேச்சுதான். அலுவலகம் அதைக் கள்ளத்தொடர்பு என்றது. நடக்காததை நடந்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சாதாரண குமாஸ்தா வேலைக்கு இறக்கப்பட்டார். வேலை ரகசியமானது என்று காரணம் சொல்லி வீட்டில் வாய் திறக்காமலே வாழ்ந்துவிட்டார். மகளுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும். உணர்ச்சியைச் சொல்லப் பழகாத மொழியில் வளர்ந்தால், இன்னொரு மொழியில் போய்ப் பேசுவதே சுலபம் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவளும் ஆங்கிலத்தில் தொலைபேசும்போதுதான் குரல் உயர்த்திப் பேசுகிறாள், சிரிக்கிறாள். தன் மொழி தெரியாத இடத்தில் அப்பா எதைக் கண்டடைந்தாரோ, அதையே வேறு வழியில் மகளும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

கடைசிச் சந்திப்பில் ஷி தன் பழைய கதையைப் பாட்டியிடம் சொல்லிவிடுகிறார்.

இப்படிப்பட்ட கதைகள் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அன்பு இருந்தால் எல்லாம் தானாகப் புரிந்துவிடும் என்று எழுதிவிட்டால் கதை பொய்யாகிவிடும். சோதிக்க ஒரு வழி உண்டு: இருவரும் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எழுதியவர் நேர்மையாக எழுதியிருக்கிறார்.

இதற்கு நல்ல உதாரணம், அதே 2005-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுக் குறுநாவல். பிலிப் க்ளோடெல் எழுதிய ‘திருவாளர் லின்னின் பேத்தி’. போரில் எல்லாவற்றையும் இழந்த லின் என்ற அகதிக் கிழவர், கப்பலில் பெயர் தெரியாத ஒரு நகரத்துக்கு வந்து இறங்குகிறார். அங்கே பூங்கா எதிரே ஒரு பெஞ்சில், மனைவியை இழந்த பார்க் என்ற பருத்த மனிதர் வந்து பக்கத்தில் உட்காருகிறார். பெயர் என்ன என்று பார்க் கேட்கிறார். கேள்வி புரியாத லின், தன் மொழியில் மரியாதையாக வணக்கம் சொல்கிறார்: ‘தாவ்-லாய்’. அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்ட பார்க், அதிலிருந்து அவரைத் ‘திருவாளர் தாவ்-லாய்’ என்றே கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறை பெயர் சொல்லி அழைக்கும்போதும், தனக்குத் தெரியாமலே லின்னின் தாய்மொழியில் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொந்த ஊரை இழந்தவருக்கு அந்தத் தவறு எவ்வளவு பெரிய பரிசு! பின்னால் ஒருநாள், லின்னின் நாட்டில் தான் சிப்பாயாக இருந்ததைச் சொல்லி பார்க் கண்ணீர் விடுகிறார். லின்னுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அந்தக் குரலின் வலி மட்டும் புரிகிறது. புரிந்திருந்தால் அந்த நட்பு தாங்கியிருக்குமா என்ற கேள்வி வாசகரோடு தங்கிவிடுகிறது.

லியின் கதையிலும் இந்த எல்லை இருக்கிறது. ஷிக்குப் பாட்டியின் துக்கங்கள் என்னவென்று தெரியாது, பெயர்கூடத் தெரியாது. காதல் என்ற சொல் அவர்களுக்கிடையே வருவதும் இல்லை. ஆனால் கடைசிக் காட்சியில் அவர் தன் கடந்த காலத்தை உதறிவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறார். பாட்டி பொன்னிறமான ஜின்கோ இலை ஒன்றை எடுத்து, அவர் பார்ப்பதற்காக வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஜின்கோ சீனாவின் மரம். பாட்டிக்கு அது தெரியுமா என்று லி சொல்லவில்லை. அந்த இலையோடு கதை முடிகிறது.

யியுன் லி பெய்ஜிங்கில் பிறந்தவர். 1996-இல் நோயெதிர்ப்பியல் படிக்க அயோவாவுக்கு வந்து, அதை விட்டுவிட்டு எழுத்தாளரானவர். எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில். தன் நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்க்க அவர் நெடுங்காலம் சம்மதிக்கவில்லை. ஷி பாட்டியிடம் சீனத்தில் சொன்ன அந்தச் சொற்களை நாம் ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம்.