சிறு பட்டறையில் இன்டர்ன்ஷிப் கேட்பது எப்படி?

கோவையில் மூன்றாம் வருடம் மெக்கானிக்கல் படிக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் யாருக்கும் தொழிற்சாலைப் பழக்கம் இல்லை. பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பிய மெயில்களுக்குப் பதிலும் இல்லை. அவர் போக வேண்டிய இடம் குறிச்சி சிட்கோ, கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்து ஜாப் ஆர்டர் பட்டறைகள். இரண்டு மூன்று சிஎன்சி மெஷின், பத்துப் பதினைந்து ஆட்கள் என்று, பம்ப், வால்வு கம்பெனிகளுக்குப் பாகங்கள் கடைந்து கொடுப்பவர்கள் இவர்கள். இங்கே இன்டர்ன்ஷிப்புக்கென்று தனி அதிகாரி கிடையாது. சரி என்று சொல்ல வேண்டியவர் முதலாளி ஒருவர்தான். அவரும் பெரும்பாலும் உள்ளேதான் இருப்பார்.

அவர் பெயர் தெரியாமல் போக வேண்டியதில்லை. ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனம் தன் 15 இலக்க எண்ணை வாசல் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டுப் பாருங்கள், கட்டணம் இல்லை. Constitution of Business என்ற இடத்தில் Proprietorship என்று இருந்தால், Legal Name of Business என்பதில் இருப்பது முதலாளியின் பெயரேதான். பதிவான தேதியும், அது உற்பத்தி செய்யும் இடமா வாங்கி விற்கும் கடையா என்பதும் அங்கேயே தெரியும்.

மாதக் கடைசியில் போகாதீர்கள். சரக்கு அனுப்பும் அவசரத்தில் யாருக்கும் பேச நேரமிருக்காது. மாத நடுவில், டீ நேரத்தை ஒட்டிப் போனால் நின்று பேசுவார்கள். கல்லூரியின் போனஃபைட் கடிதமும் ஒரு பக்க பயோடேட்டாவும் கையில் இருக்கட்டும்.

முதல் பதில் அநேகமாக இப்படித்தான் வரும்: “சொல்லிக் குடுக்க ஆளில்லைங்க தம்பி.” இதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் முதலாளிக்கு இரண்டு பயம். மெஷினில் கை வைத்து அடிபட்டால் பொறுப்பு அவர் தலையில் விழும். ஆபரேட்டரின் நேரம் போனால் உற்பத்தி குறையும். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்: “சார், நான் மெஷினைத் தொடமாட்டேன். நாலு வாரம் கியூசி மேசையில உக்காந்து பீஸ் அளந்து, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை எக்செல்ல போட்டுத் தர்றேன்.”

ஏன் இந்த வேலை? வாடிக்கையாளர் கம்பெனிகள் பல, ஒவ்வொரு லாட்டோடும் அளவு ரிப்போர்ட் கேட்கின்றன. சிறு பட்டறையில் அது துண்டுச்சீட்டில் எழுதப்பட்டு, சாயங்காலம் யாரோ அவசரமாக டைப் செய்வதாக இருக்கும். அவர்களுக்குச் சுமையாக இருப்பது அது. போவதற்கு முன் கல்லூரி லேபில் மைக்ரோமீட்டரைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். டிராயிங்கில் ஷாஃப்ட் விட்டம் 25 ± 0.02 மி.மீ. என்றால் 24.98 முதல் 25.02 வரை பாஸ். 0.02 மி.மீ. மட்டுமே காட்டும் வெர்னியரை வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது, 0.01 காட்டும் மைக்ரோமீட்டராவது வேண்டும். இதை அவர் கேட்காமலே நீங்கள் சொன்னால் பேச்சின் போக்கே மாறும்.

உள்ளே போன பிறகு, அளந்த விட்டங்களைப் பீஸ் கடைந்த வரிசைப்படியே கிராஃபில் குறித்து வாருங்கள். இன்சர்ட் முனை தேயத் தேய வெளிவிட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். காலையில் 25.00 என்றிருந்தது மத்தியானம் 25.02-ஐ நெருங்கினால், அதைத் தாண்டும் முன் ஆஃப்செட் திருத்த வேண்டும் அல்லது இன்சர்ட் மாற்ற வேண்டும். எத்தனை பீஸுக்கு ஒருமுறை என்பதை உங்கள் கிராஃப் காட்டிவிடும். முதலாளிக்கு ரிஜெக்‌ஷன் குறையும். கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய புராஜெக்ட் ரிப்போர்ட்டும் அதுவேதான். அளவுகள் சீராக ஏறாமல் மேலும் கீழும் குதித்தால் இன்சர்ட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். ஜாப் பிடிமானத்தையும், முதலில் உங்கள் அளக்கும் கையையும் சந்தேகப்படுங்கள். சூடாக இறங்கிய பீஸை ஆறவிடாமல் அளந்தாலும் விட்டம் கூடுதலாகவே காட்டும்.

உதவித்தொகையை முதல் நாளே கேட்டுவிடுங்கள்; பல இடங்களில் டீயும் மதியச் சாப்பாடும்தான் கிடைக்கும். ஆனால் உங்களிடம் பணம் கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள். நான்கு நாளில் சான்றிதழ், இவ்வளவு கட்டணம் என்று சொல்பவர்கள் விற்பது காகிதம். முதல் வாரம் முழுக்கப் பேக்கிங்கிலேயே உட்கார வைத்தால், பேசிக்கொண்ட வேலையை முதலாளியிடம் மரியாதையாக நினைவுபடுத்துங்கள். இரண்டாவது வாரமும் மாறவில்லை என்றால் அடுத்த பட்டறைக்குப் போய்விடலாம்.

முடிக்கும்போது சான்றிதழ் வாசகத்தை நீங்களே டைப் செய்து கொடுத்தால் அவருக்கு வேலை மிச்சம். லெட்டர்ஹெட்டில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, செய்த வேலை ஒரு வரியில், கையெழுத்து, சீல் இருக்க வேண்டும். “பயிற்சி பெற்றார்” என்று மட்டும் எழுதாமல் “ஷாஃப்ட் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் தயாரித்தார்” என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த இடத்தில் கேள்வி அந்த வரியிலிருந்துதான் வரும்.