விலைப்புள்ளியோடு போகும் ஒரு பக்கக் கடிதம்

திருவனந்தபுரத்தில் நம்மவர்கள் பலர் சிறிய அளவில் ஒப்பந்த வேலை செய்கிறார்கள். வயரிங், பெயின்டிங், மொட்டை மாடிக்கு இரும்புக் கூரை போடும் ட்ரஸ் வேலை எனப் பலவகை. இப்போது பல குடியிருப்புச் சங்கங்களும் தனியார் நிறுவனங்களும் கொட்டேஷனை மின்னஞ்சலிலேயே கேட்கின்றன. ரயில்வேயில் டெண்டர் பெட்டியைத் திறந்து பார்த்த அனுபவத்தில், அந்த மின்னஞ்சலின் முகப்புக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ரயில்வே டெண்டர்கள் இன்று ஐ.ஆர்.இ.பி.எஸ். என்ற இணையதளம் வழியாகத்தான் நடக்கின்றன. அங்கே மின்னஞ்சல் எடுபடாது. சீலிட்ட உறையில் கேட்கும் இடத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பக் கூடாது. விலை முன்கூட்டியே வெளியாகிவிடும். அறிவிப்பில் "மின்னஞ்சலில் அனுப்பவும்" என்று இருந்தால் மட்டுமே நான் கீழே சொல்வது பொருந்தும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கரமனைப் பக்கம் ஒரு குடியிருப்பில் 1,200 சதுர அடி மாடிக்குக் கூரை வேண்டும். சதுர அடிக்கு 300 ரூபாய் வீதம் 3,60,000 ரூபாய்; 18 சதவீத ஜி.எஸ்.டி. 64,800, மொத்தம் 4,24,800. ஏப்ரல் 20க்குள் கொட்டேஷன் தர வேண்டும். சங்கக் கமிட்டி மே 10 அன்று கூடுகிறது. முகப்புக் கடிதம் இப்படி இருக்கலாம். தமிழில் தருகிறேன், அனுப்பும்போது ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ மாற்றிக்கொள்ளுங்கள்.

"தங்கள் அறிவிப்பின்படி மாடிக் கூரை வேலைக்கான எங்கள் விலைப்புள்ளியை அனுப்புகிறோம். வரி உட்பட மொத்தம் ரூ.4,24,800. இணைப்புகள் மூன்று: 1. விலைப்பட்டியல், 2 பக்கம். 2. வரைபடம், 1 பக்கம். 3. ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, 3 பக்கம். இந்த விலை மே 20 மாலை 5 மணி வரை செல்லும். இது பற்றிய எல்லாத் தொடர்புக்கும் (பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல்) ஒருவரையே அணுகவும்."

இணைப்புப் பட்டியல் எதற்கு? டெண்டர் திறக்கும்போது அதிகாரிகள் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இடுவார்கள். பிறகு ஒரு தாளைச் சேர்க்கவோ எடுக்கவோ முடியாது. மின்னஞ்சலில் அந்தக் காவலை நாமே செய்துகொள்கிறோம். பக்க எண்ணிக்கையோடு எழுதினால், ஒரு கோப்பு விட்டுப்போனது பெறுபவருக்கு உடனே தெரியும். ஜிமெயிலில் இணைப்புகளின் எல்லை 25 எம்.பி. அதைத் தாண்டினால் கோப்பு டிரைவ் இணைப்பாக மாறிப் போகும். அனுமதி தராவிட்டால் எதிரில் திறக்காது. படங்களைச் சுருக்கி அனுப்புவதே நல்லது.

அடுத்தது செல்லுபடிக் காலம். "30 நாள்" என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி வரும். ஆகவே தேதியையே எழுதுங்கள். அந்தத் தேதி கமிட்டி கூடும் நாளைத் தாண்டியிருக்க வேண்டும். அதே சமயம் உங்கள் கையைக் கடிக்கவும் கூடாது. நம் உதாரணத்தில் இரும்புக் குழாயும் ஷீட்டும் 2,20,000 ரூபாய், லாபம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். இரும்பு விலை 5 சதவீதம் ஏறினால் 11,000 ரூபாய் போய்விடும். லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! கடைக்காரர் எத்தனை நாள் விலையை நிறுத்தி வைப்பார் என்று கேட்ட பிறகே தேதி போடுங்கள்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, குறித்த காலம் கடந்தால் நம் விலைப்புள்ளி தானே காலாவதியாகும். காலமே குறிக்காவிட்டால் "நியாயமான காலம்" வரை அது நிற்கும். அது எவ்வளவு என்பதில்தான் வழக்கே வரும். 5ஆம் பிரிவுப்படி, அவர்கள் ஏற்பை அனுப்பும் முன் நம் வாபஸ் அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் விலகிக்கொள்ளலாம். அரசு டெண்டர்களில் முன்வைப்புத் தொகை வாங்குவது இதற்காகத்தான்: காலத்துக்குள் விலகினால் அந்தப் பணம் போய்விடும்.

கடைசியாக, தொடர்புக்கு ஒருவர். கமிட்டிச் செயலாளர் அண்ணனிடம் போனில் பேச, அவர் "பத்தாயிரம் குறைக்கிறோம்" என்கிறார். தம்பியோ "பெயின்ட் தனி" என்று மின்னஞ்சல் அனுப்புகிறார். இப்போது எது நம் விலை? ஒருவர் பெயரே இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. போனில் பேசியதையும் அன்றே அவர் மின்னஞ்சலில் உறுதிசெய்ய வேண்டும். அவர் ஊருக்குப் போவதானால் மாற்று நபரை எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போகட்டும்.

மே 22 அன்று "வேலையைத் தொடங்குங்கள்" என்று பதில் வந்தால் அவசரப்பட்டுப் பொருள் வாங்க வேண்டாம். காலம் முடிந்துவிட்டது. கடையில் விலை கேளுங்கள். ஏறாவிட்டால் "பழைய விலையிலேயே மே 31 வரை நீட்டிக்கிறோம்" என்று எழுதுங்கள். ஏறியிருந்தால் புது விலையை அனுப்புங்கள். ஜூன் மாத மழை நெருங்கும் நேரத்தில் இருவருக்குமே அது தெளிவான வழி.