டூட்டி தொடங்கும்போது காத்திருக்கும் பட்டியல்

இரவு எட்டு மணி டூட்டிக்கு வரும் சிஸ்டர் வார்டு கம்ப்யூட்டரைத் திறந்ததும் விடியும் வரைக்குமான வேலைகள் வரிசையாக நிற்கும். எந்தப் படுக்கைக்கு எப்போது மருந்து, யாரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், எப்போது பிரஷர் பார்க்க வேண்டும் என்று எல்லாம் இருக்கும். அவற்றை அன்று யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. "ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை" என்று டாக்டர் எப்போதோ பதிந்ததை மென்பொருள்தான் நேரம் பிரித்து அந்தந்த ஷிப்டில் போடுகிறது.

பெரும்பாலும் அது கடிகாரத்தை மட்டுமே பார்க்கும். அங்கேதான் கவனம் வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்த ஒருவருக்கு ஒரு கிராம் பாராசிட்டமால் ஆறு, பன்னிரண்டு, ஆறு, பன்னிரண்டு என்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்கு அவர் ஸ்கேனுக்குப் போயிருந்தார். மருந்து கொடுக்கப்படவில்லை. இரவு சிஸ்டர் சிவப்பாக நிற்கும் அந்த வரியைப் பார்த்து ஒன்பது மணிக்குக் கொடுக்கிறார். பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் மறுபடியும் கேட்கிறது. இடைவெளி மூன்று மணி நேரம்தான். பெரியவர்களுக்குக் குறைந்தது நான்கு மணி நேரமாவது வேண்டும்; 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து.

அந்த ஒரு வேளையை மட்டும் ஒரு மணிக்குத் தள்ளினால் போதும் என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள்: இரவு ஒன்பது, ஒன்று, காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. 21 மணி நேரத்துக்குள் 5 கிராம் ஆகிவிட்டது. ஆகவே டாக்டரிடம் சொல்லி, ஒன்பது, மூன்று, ஒன்பது, மூன்று என்று வரிசை முழுவதையும் மாற்றச் சொல்வதே சரி. கொடுத்த நேரத்தை உள்ளபடி ஒன்பது என்று பதிந்திருந்தால்தான் இதெல்லாம் முடியும். ஆறு மணிக் கட்டத்தில் வெறும் டிக் போட்டிருந்தால் பன்னிரண்டு மணி மருந்து யார் கண்ணுக்கும் தவறாகத் தெரியாது.

எல்லா வேலையையும் இப்படித் தள்ள வேண்டியதில்லை. மருந்து வைக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலையைக் காலையில் பார்க்காமல் விட்டால், மாலையில் இரண்டு தடவை பார்த்து ஈடு செய்ய முடியாது. "பார்க்கவில்லை" என்று காரணத்தோடு எழுதி மூடுவதே நேர்மை. இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டிய நோயாளிக்கு ஐந்து வரிகளும் காலை 5.50-க்கு ஒரே நிமிடத்தில் பதிவாகியிருந்தால், முதுகில் புண் வரும் முன்பே மேற்பார்வை சிஸ்டர் கேள்வி கேட்க வேண்டும்.

சிறுநீர்க் குழாயை எடுத்து மூன்று நாளான பிறகும் "குழாயைச் சுத்தம் செய்க" என்று ஒவ்வொரு ஷிப்டிலும் வந்துகொண்டிருப்பதும் உண்டு. தேவையில்லாத வரிகளைத் தள்ளிப் பழகிய கை, தேவையான வரியையும் அதே வேகத்தில் தள்ளிவிடும். குழாயை எடுத்தவரே அந்த உத்தரவை நிறுத்தச் சொல்லிவிட்டால் அடுத்த ஷிப்டில் அந்த வரி வராது.